பிளேசர் சுருங்கினால் கடைக்கு எழுதும் கடிதம்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை. படிப்பதற்கு ஏற்றவாறு எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



சலவைக்குப் போட்ட துணி கெட்டுப் போனால் என்ன செய்வது என்று பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். ஆடை ஏற்றுமதி நிறுவனத்தில் தரப் பரிசோதனைப் பிரிவில் பல வருஷம் இருந்தவன் என்பதால் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். புடவை, பட்டு வேட்டி, திரைச்சீலை என்று எல்லாவற்றையும் தொட்டால் நேரம் போதாது. அதனால் ஒரே ஒரு பிளேசரை எடுத்துக்கொள்கிறேன். நம் குடியிருப்பைச் சேர்ந்த ஒருவருடையது அது. பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, விவரங்களைச் சொல்ல அனுமதி தந்திருக்கிறார். கடையின் பெயரையும் சொல்லப் போவதில்லை. அவர் கடைக்கு எழுதிய கடிதம்தான் இன்றைய விஷயம்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கருநீல பிளேசர். முழுக் கம்பளி. 2023 ஜூன் மாதம் ₹12,500 கொடுத்து ரெடிமேடாக வாங்கியது. நேர்முகத் தேர்வுக்கும் அலுவலக விழாக்களுக்கும் மட்டும் போடுவார். 2025 ஜூன் 5 அன்று டிரை கிளீனிங் கொடுத்தார். கூலி ₹450. ஜூன் 11 அன்று வாங்கி வந்து, கண்ணாடி முன் போட்டுப் பார்த்தால் கை மணிக்கட்டுக்கு மேலே நிற்கிறது. உள்ளே இருக்க வேண்டிய லைனிங் கையின் விளிம்புக்கு வெளியே எட்டிப் பார்க்கிறது. அடுத்த வாரம் அவருக்கு ஒரு நேர்முகத் தேர்வு. வீட்டில் வேறு பிளேசர் கிடையாது.

கடைக்காரர் சொன்ன பதில் நம்மில் பலர் கேட்டதுதான். "துணி அப்படி சார். எங்க கைல ஒண்ணும் இல்ல." கொஞ்சம் வற்புறுத்தியதும், பில்லின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். சேதம் ஏற்பட்டால் சலவைக் கூலியின் ஐந்து மடங்கு வரை மட்டுமே தரப்படும் என்று பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது. அதாவது ₹2,250. அதையும் பணமாகத் தர மாட்டார்களாம், அடுத்த சலவைகளில் கழித்துக்கொள்ளலாமாம்.

இந்த இடத்தில் நம்மில் பாதிப்பேர் சத்தம் போட்டுவிட்டு வந்துவிடுவோம். மீதிப்பேர் பேசாமல் வந்துவிடுவோம். இரண்டிலும் பணம் வராது. கடைக்காரருக்குக் கொடுக்க மனம் இருந்தாலும்கூட, எதற்காகக் கொடுக்க வேண்டும், எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கு அவரிடம் பதில் இருக்காது. நம் கடிதம் அந்த இரண்டுக்கும் பதில் தர வேண்டும். ஆகவே கடிதம் எழுத உட்காருவதற்கு முன்பு துணியைப் படிக்க வேண்டும்.

கம்பளி ஏன் சுருங்குகிறது என்று பார்ப்போம். சின்ன வயதில் ஒரு விளையாட்டு உண்டு. புல்லின் கதிரைப் பறித்துச் சட்டைக் கைக்குள் விட்டுவிட்டுக் கையை ஆட்டினால், அது தானாகவே மேலே ஏறிப் போகும். கீழே இறங்காது. கதிரின் முட்கள் ஒரே பக்கம் சாய்ந்திருப்பதுதான் காரணம். கம்பளி இழையும் அப்படிப்பட்டதே. அதன் மேல் பொடிப் பொடியான செதில்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன. தண்ணீரில் நனையும்போது இழை ஊறி, செதில்கள் விரிகின்றன. அதோடு சூடும் இயந்திரத்தின் புரட்டலும் சேர்ந்தால், இழைகள் ஒன்றுக்குள் ஒன்று ஒரே திசையில் ஏறிப் பின்னிக்கொள்கின்றன. துணி குறுகித் தடிக்கிறது. ஏறிய கதிர் இறங்காதது போல, பின்னிய இழையும் திரும்பப் பிரிவதில்லை.

டிரை கிளீனிங் என்பதே இதைத் தவிர்க்கத்தான். அதில் தண்ணீருக்குப் பதிலாக ஒரு கரைப்பான் திரவம் பயன்படுகிறது. பெரிய இயந்திரங்களில் பெர்க் எனப்படும் பெர்குளோரோ எத்திலீன் இருக்கும். நம் ஊர்க் கடைகள் பலவற்றில் எம்.டி.ஓ. என்ற பெட்ரோலிய எண்ணெய் இருக்கும். இவற்றில் கம்பளி இழை ஊறுவதில்லை. ஆகவே செதில்கள் விரிவதில்லை, பின்னிக்கொள்வதுமில்லை. இப்படிப் பின்னிச் சுருங்கிய கம்பளியைப் பார்த்தால், வேலையின் ஏதோ ஒரு கட்டத்தில் தண்ணீரோ அளவுக்கு மீறிய ஈரமோ சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். நேராகத் தண்ணீரில் துவைத்திருக்கலாம். கரைப்பானில் ஈரம் கூடியிருக்கலாம். ஈரத்தோடு சூடான டிரையரில் சுற்றவிட்டிருக்கலாம். இவற்றில் எது என்று நாம் நிரூபிக்க வேண்டிய அவசியம் இல்லை. எல்லாமே கடையின் கட்டுப்பாட்டில் இருப்பவை.

ஆனால் நியாயமாகக் கேட்க நினைப்பவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். எல்லாச் சுருக்கமும் கடையின் தவறு அல்ல. நெசவில் இழுத்துக் கட்டிய துணியைத் தைப்பதற்கு முன் சரியாகப் பதப்படுத்தவில்லை என்றால், முதல் தடவை நீராவி பட்டதும் கொஞ்சம் தளர்ந்து குறுகும். அது தயாரித்தவர் பொறுப்பு. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. தளர்ந்து குறுகிய துணியின் மேற்பரப்பு மாறுவதில்லை. குறுக்கும் நெடுக்குமான நெசவு முன்போலத் தெளிவாகத் தெரியும். பின்னிச் சுருங்கிய துணியில் நெசவு மங்கிவிடும். மேலே பஞ்சு படர்ந்தது போல இருக்கும். தொட்டால் கெட்டியாக, மேசை விரிப்புக் கம்பளம் மாதிரி தட்டுப்படும். கைபேசிக் கேமராவைக் கிட்டே கொண்டுபோய்ப் படம் எடுத்தாலே தெரிந்துவிடும். காலரைத் தூக்கி அதன் அடிப்பக்கத்தைப் பார்ப்பது போன்ற குறுக்கு வழி இதற்கு உதவாது, ஏனென்றால் அதுவும் சேர்ந்துதான் நனைந்திருக்கும். நல்ல வெளிச்சத்தில் வைத்து, பழைய புகைப்படம் ஏதாவது இருந்தால் அதோடு ஒப்பிடுங்கள்.

மார்புப் பக்கத்தில் குமிழ் குமிழாகப் புடைத்துக்கொள்வது இன்னொரு வகைச் சேதம். பிளேசரின் முன்பக்கத்தில் மேல் துணிக்கு அடியில் ஒரு விறைப்புத் துணியைப் பசையால் ஒட்டியிருப்பார்கள். அந்த ஒட்டு விடுவதால் வரும் குமிழ் அது. அதிகச் சூட்டினாலும் வரலாம், தயாரிப்பில் ஒட்டியது சரியில்லை என்றாலும் வரலாம். லேபிளில் சொன்னபடியே கடை சுத்தம் செய்திருந்தால், குமிழுக்குக் கடையைக் கேட்பதைவிட பிளேசரை விற்ற கடையைக் கேட்பதே பொருத்தம். நம் நண்பருடைய பிளேசரில் குமிழ் இல்லை. அதனால் அதைக் கடிதத்தில் சேர்க்கவே வேண்டாம் என்று சொன்னேன்.

இப்போது அளவு. அவரிடம் பழைய அளவு எழுதி வைத்திருக்கவில்லை. யாருமே வைத்திருப்பதில்லை. ஆனாலும் பிளேசருக்குள்ளேயே ஒரு சாட்சி இருந்தது. அதுதான் லைனிங். அது பாலியஸ்டர். தண்ணீர் பட்டாலும் பாலியஸ்டர் கம்பளி போலச் சுருங்காது. வாங்கிய அன்று இருந்த நீளத்திலேயே நிற்கும். தைக்கும்போது லைனிங்கைக் கையின் விளிம்புக்குச் சுமார் அரை இன்ச் உள்ளே தள்ளித்தான் வைப்பார்கள். இப்போது அது அரை இன்ச் வெளியே நிற்கிறது. ஆக, மேல் துணி ஒரு இன்ச் குறைந்திருக்கிறது. கூட்டிப் பார்க்கக் கணக்கு வாத்தியார் தேவையில்லை.

இதை உறுதி செய்ய, பிளேசர் வாங்கிய கடைக்குப் போய் அதே கம்பெனி, அதே மாடல், அதே சைஸ் புதுப் பிளேசரை அளந்தோம். தோளின் தையலில் இருந்து கை விளிம்பு வரை 25 இன்ச். இவருடையதில் 24. காலரின் அடியில் இருந்து பின்பக்க நீளம் புதியதில் 29, இவருடையதில் 28. இரண்டு பிளேசரையும் டேப் வைத்துப் படம் எடுத்துக்கொண்டோம். பிறகு ஒரு தையல்காரரிடம் காட்டினோம். கையின் மடிப்புக்குள் விட்டுக்கொடுக்கத் துணி அரை இன்ச்தான் இருக்கிறது, பின்னிய துணியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது என்று தன் கடையின் ரசீதுத் தாளிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பிளேசரின் உள் லேபிளையும் படம் எடுத்தோம். தண்ணீர்த் தொட்டி போன்ற படத்தின் மேல் பெருக்கல் குறி இருந்தால் தண்ணீரில் துவைக்கக் கூடாது என்று பொருள். வட்டத்துக்குள் P என்று இருந்தால் பெர்க் உட்பட வழக்கமான கரைப்பான்களில் டிரை கிளீனிங் செய்யலாம். F என்று இருந்தால் பெட்ரோலிய வகைக் கரைப்பான் மட்டும். வட்டத்தின் மேலேயே பெருக்கல் குறி இருந்தால் டிரை கிளீனிங்கே கூடாது. இந்தப் பிளேசரில் பெருக்கல் குறி போட்ட தொட்டியும், P எழுதிய வட்டமும் இருந்தன. கடை செய்ய வேண்டியது என்ன, செய்யக் கூடாதது என்ன என்பது லேபிளிலேயே எழுதியிருந்தது.

இதற்கிடையில் கடையிலிருந்து அழைப்பு வந்தது. "கொடுத்தனுப்புங்க சார், சரி பண்ணித் தர்றோம்." இங்கே நிதானம் தேவை. நீராவி வைத்து இழுத்துப் பிடித்து அழுத்தினால் கம்பளி கொஞ்ச நேரம் நீண்டு கொடுக்கும். இரண்டு தடவை போட்டதும் பழையபடி ஆகிவிடும். அதற்குள் நம்மிடம் இருந்த ஒரே சாட்சியும் கலைந்துவிடும். ஆகவே பொருளைத் திருப்பிக் கொடுப்பதாக இருந்தால், "கை நீளம் 24 இன்ச், லைனிங் அரை இன்ச் வெளியே, பரிசோதனைக்காகப் பெற்றுக்கொண்டோம்" என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் கொடுக்க வேண்டும். கடை கட்டிய அடையாளச் சீட்டையும் பிளேசரிலிருந்து பிரிக்காதீர்கள். அந்தச் சீட்டும் பில்லின் எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் இது அவர்களிடம் போய்வந்த பிளேசர் என்று காட்ட முடியும். அதுவரை அதைப் போடவும் கூடாது.

அடுத்தது, எவ்வளவு கேட்பது. கடிதங்கள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். ஒருவர் புதுப் பிளேசரின் முழு விலையைக் கேட்பார். இன்னொருவர் மன உளைச்சலுக்கு ஐம்பதாயிரம் என்று எழுதுவார். படிக்கும் கடைக்காரர் முதல் வரியிலேயே காகிதத்தை மடித்து வைத்துவிடுவார். இரண்டு வருஷம் போட்ட பிளேசர் புதுப் பிளேசர் அல்ல. அதை நாமே ஒப்புக்கொண்டு கணக்குப் போட்டால், அந்தக் கணக்கை மறுப்பது அவருக்குக் கஷ்டம். வெளிநாட்டுச் சலவைத் தொழில் அமைப்புகள் இதற்கென்றே வழிகாட்டிப் பட்டியல்கள் வைத்திருக்கின்றன. ஆடையின் விலை, வயது, எவ்வளவு நாள் உழைக்கும், சேதத்துக்கு முன் எந்த நிலையில் இருந்தது என்பவைதான் அவற்றின் அடிப்படை. நாமும் அதே வழியில் போனோம்.

நல்ல கம்பளிப் பிளேசர் அளவாகப் போட்டால் ஐந்து வருஷம் வரும் என்று வைத்துக்கொண்டோம். அவர் போடுகிற அளவுக்கு அது இன்னும் அதிகமாகவே வரும். ஆனாலும் யாரும் கேள்வி கேட்காத எண்ணாக இருக்கட்டும் என்று ஐந்தோடு நிறுத்தினோம். இரண்டு வருஷம் முடிந்தது, மூன்று மீதி. ₹12,500-ல் ஐந்தில் மூன்று பங்கு ₹7,500. வேலை சரியாக நடக்காததால் கூலி ₹450. மொத்தம் ₹7,950. வாங்கிய பில் அவரிடம் இல்லை. ஆனால் கைபேசி எண்ணைச் சொன்னதும் துணிக்கடையில் பழைய பில்லின் நகலை எடுத்துக் கொடுத்தார்கள். அதுவும் இல்லையென்றால் வங்கிக் கணக்கில் அந்தத் தேதியில் போன தொகையைக் காட்டலாம்.

உங்களுடையது கோட்டும் பேண்டும் சேர்ந்த செட் என்றால் ஒரு விஷயம் கவனியுங்கள். கோட்டு கெட்டால் பேண்டு மட்டும் தனியாகப் பயன்படாது. அப்போது செட்டின் விலையை வைத்தே கணக்குப் போடலாம், அது நியாயம்தான்.

இப்போது பில்லின் பின்பக்கத்துக்கு வருவோம். ஒரு பொருளை வேலைக்காக ஒருவரிடம் ஒப்படைத்தால், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்வது போல அவர் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 151 சொல்கிறது. இதில் நம் ஊரிலேயே ஒரு பழைய வழக்கு உண்டு. சலவைக்குக் கொடுத்த புடவை தொலைந்து போனது. விலையில் ஒரு பகுதியை மட்டுமே தருவோம் என்று ரசீதில் அச்சிட்டிருந்தது. 1966-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் வெளியான அந்த வழக்கில், அப்படிப்பட்ட நிபந்தனை பொது நலக் கொள்கைக்கு விரோதமானது, செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் சேவைக் குறைபாட்டுக்கு இழப்பீடு கேட்கும் உரிமையைத் தருகிறது.

ஆனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒரு கூரியர் வழக்கில், வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்ட சீட்டில் இருந்த பொறுப்பு வரம்பு அவரைக் கட்டுப்படுத்தும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே கடையில் ஏதாவது தாளில் கையெழுத்துக் கேட்டால் படித்துவிட்டுப் போடுங்கள். விலையுயர்ந்த ஆடை என்றால் அதன் மதிப்பை பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். நம் நண்பர் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. அதையும் கடிதத்தில் ஒரு வரியாகச் சேர்த்தோம்.

கடிதத்தை அப்படியே படிக்கிறேன்.

"தேதி: 14.06.2025

பெறுநர்: உரிமையாளர் அவர்கள் (பில்லில் உள்ள கடையின் பெயரும் முகவரியும்)

பொருள்: 05.06.2025 தேதியிட்ட பில்லின்படி சுத்தம் செய்யக் கொடுத்த கருநீலக் கம்பளிப் பிளேசர் சுருங்கியது, இழப்பீடு கோருதல்.

ஐயா,

மேற்கண்ட பில்லின்படி என் பிளேசரைத் தங்கள் கடையில் டிரை கிளீனிங் செய்யக் கொடுத்து, ₹450 செலுத்தி, 11.06.2025 அன்று பெற்றுக்கொண்டேன். அன்று மாலையே சேதத்தைத் தங்கள் வாட்ஸ்அப் எண்ணுக்குப் படத்துடன் தெரிவித்தேன்.

பிளேசரின் கை 25 இன்ச்சிலிருந்து 24 ஆகவும், பின்பக்க நீளம் 29 இன்ச்சிலிருந்து 28 ஆகவும் குறைந்துள்ளன. லைனிங் கை விளிம்புக்கு வெளியே அரை இன்ச் தெரிகிறது. மேல் துணியின் நெசவு மறைந்து தடித்துள்ளது. கம்பளி தண்ணீரோ அதிக ஈரமோ பட்டுச் சூட்டில் புரளும்போது ஏற்படும் சேதம் இது. தண்ணீரில் துவைக்கக் கூடாது என்றும், டிரை கிளீனிங் செய்யலாம் என்றும் பிளேசரின் லேபிளில் குறிகள் உள்ளன. இதைச் சரிசெய்ய இயலாது என்ற தையல்காரரின் குறிப்பை இணைத்துள்ளேன்.

பிளேசரை ஜூன் 2023-ல் ₹12,500-க்கு வாங்கினேன். ஐந்து ஆண்டுப் பயன்பாட்டில் இரண்டு ஆண்டுகள் கழித்து, மீதி மூன்று ஆண்டுகளுக்கான மதிப்பு ₹7,500. சலவைக் கூலி ₹450. மொத்தம் ₹7,950.

பில்லின் பின்பக்கத்தில் அச்சிட்டுள்ள ஐந்து மடங்கு வரம்பை நான் ஏற்றுக் கையெழுத்திடவில்லை. கொடுக்கும்போது அது எனக்குச் சொல்லப்படவும் இல்லை. கவனக் குறைவால் ஏற்பட்ட இழப்பை அந்த வரம்பு ஈடுகட்டவும் இல்லை.

ஆகவே ₹7,950-ஐ இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் என் வங்கிக் கணக்கில் செலுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். தொகை கிடைத்ததும் பிளேசரைத் தங்களிடம் ஒப்படைக்கத் தயார். தாங்கள் நேரில் பார்க்க விரும்பினால் என் வீட்டில் எந்த நாளும் மாலை 6 மணிக்குமேல் பார்க்கலாம். இதற்குள் தீர்வு கிடைக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுக வேண்டியிருக்கும்.

இணைப்பு: சலவை பில் நகல், பிளேசர் வாங்கிய பில் நகல், புகைப்படங்கள், தையல்காரரின் குறிப்பு.

இப்படிக்கு," என்று முடித்துக் கையெழுத்து.

இதில் எங்கேயும் கோபமான வார்த்தை இல்லை என்பதைக் கவனியுங்கள். மிரட்டலும் இல்லை. ஆணையம் என்ற சொல் கடைசியில் ஒரே தடவை வருகிறது. பிளேசரைத் திருப்பித் தருகிறேன் என்ற வரியும் முக்கியம். பணமும் வேண்டும், பிளேசரும் வேண்டும் என்று கேட்டால் கேட்பவர் பக்கம் நியாயம் குறைகிறது.

கடிதத்தை நேரில் கொடுத்து, நகலில் கடை முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். நம் தெருவில் இருக்கும் கடைகள் பல, துணியை வாங்கி வேறிடத்தில் உள்ள பெரிய சலவைக் கூடத்துக்கு அனுப்பும் கிளைகள்தான். பில்லில் இரண்டு முகவரி இருந்தால் இரண்டுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்புங்கள். கிளையில் இருப்பவருக்கு நாலாயிரத்துக்கும் ஐயாயிரத்துக்கும் முடிவு சொல்லும் அதிகாரம் இருக்காது.

ஆறாவது நாள் உரிமையாளரே அழைத்தார். வீட்டுக்கு வந்து பிளேசரைப் பார்த்தார். லைனிங்கை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஐயாயிரம் தருவதாகச் சொன்னார். நம் நண்பர் கடிதத்தின் கணக்கை எடுத்து, "இதுல எந்த வரி தப்புன்னு சொல்லுங்க, குறைச்சுக்கிறேன்" என்றார். இரண்டு வருஷத்தில் நாலைந்து தடவை முன்பும் சுத்தம் செய்திருப்பீர்களே, கொஞ்சம் தேய்ந்திருக்குமே என்று உரிமையாளர் கேட்டார். அதில் நியாயம் இருந்தது. கடைசியில் கூலியையும் சேர்த்து ₹7,200-க்கு ஒத்துக்கொண்டார்கள். முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். பணம் அங்கேயே யு.பி.ஐ. மூலம் வந்தது. பிளேசரை அவர் எடுத்துப் போனார். நேர்முகத் தேர்வுக்குத் தம்பியின் பிளேசரைக் கடன் வாங்கித்தான் போனார் என்பது வேறு விஷயம்.

எல்லாக் கடையும் இப்படி முடிக்காது. பதினைந்து நாள் கழித்தும் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் பதியலாம். அவர்கள் கடையோடு பேசிச் சமரசத்துக்கு முயல்வார்கள். கட்டாயப்படுத்த அவர்களுக்கு அதிகாரம் இல்லை. அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். வக்கீல் கட்டாயமில்லை. சேவைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் ஆணையத்துக்குக் கட்டணம் கிடையாது. e-jagriti.gov.in தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்ய முடியும். சேதம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் செய்ய வேண்டும். மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் கேட்க வேண்டிய இடம் அதுதான். கடைக்கு எழுதும் முதல் கடிதம் அல்ல. கடிதத்தின் நகலும், கொடுத்ததற்கான அத்தாட்சியும், அந்தப் படங்களும்தான் அங்கே உங்கள் மனுவின் இணைப்புகளாக மாறும். கடிதத்தை ஒழுங்காக எழுதியிருந்தால் மனுவில் பாதி அப்போதே எழுதி முடிந்ததாகிவிடும்.

கடைசியாக ஒன்று. அடுத்த முறை பிளேசரைச் சுத்தம் செய்யக் கொடுக்கும் முன், கையின் நீளத்தையும் லைனிங் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்பதையும் டேப் வைத்து ஒரு படம் எடுத்துவிடுங்கள். வாங்கும்போது கண்ணாடிக் காகித உறையைக் கடையிலேயே பிரித்து, கை விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். லைனிங் உள்ளே இருந்தால் சந்தோஷமாக வீட்டுக்கு வரலாம். வெளியே இருந்தால், அங்கேயே நின்று பில்லின் மேல் "கை சுருங்கியுள்ளது" என்று எழுதிக் கடைக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். அந்தக் கையெழுத்து கிடைத்துவிட்டால் கடிதம் பாதியாகச் சுருங்கிவிடும்.

தையல்காரரின் குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் கேளுங்கள். நகல் கொண்டு வந்திருக்கிறேன்.